படத்தில் இல்லாதவர்கள்

ஆமா, நான்தான் கையெழுத்துப் போடல. பேனாவில மை இருந்துச்சு, மூக்குல கண்ணாடி இருந்துச்சு, எந்த இடத்தில போடணும்னு பென்சிலால ஒரு பெருக்கல் குறி கூடப் போட்டு வச்சிருந்தாங்க. நான் மாட்டேன்னு எழுந்து வந்துட்டேன். "யாரைக் கேட்டு மாட்டேன்னீங்க? அவ எனக்குப் பொண்ணா, உங்களுக்குப் பொண்ணா?"ன்னு போன்ல கத்தின. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள வச்சுட்ட. அப்புறம் நான் அடிச்சாலும் எடுக்கல, மாப்பிள்ளை அடிச்சாலும் எடுக்கல. சரி, போனைக் கட் பண்ணுவ. கடுதாசியை எப்படிக் கட் பண்ணுவ? கிழிக்கலாம். ஆனா கிழிக்கிறதுக்குள்ள ரெண்டு வரி கண்ணுல பட்டுடும். அந்த ரெண்டு வரியை நம்பித்தான் இம்புட்டும் எழுதறேன்.

கடுதாசின்னா முதல்ல அன்புள்ள மகளுக்குன்னு போடணும், நாங்க நல்லா இருக்கோம், நீ எப்படி இருக்கேன்னு கேக்கணும். கோபத்துல அதை விட்டுட்டேன். அன்புள்ள மகளே, நாங்க நல்லா இல்ல. நீயும் நல்லா இல்லன்னு தெரியும். முறை முடிஞ்சுது. இனி சண்டை.

உன் கூட வேலை செய்யற பொண்ணு லீவு முடிஞ்சு வியாழக்கிழமை கெளம்புது. கவரை உன் கையிலயே குடுத்துடறேன்னு ஒத்துக்கிச்சு. எழுத்து கோணலா இருந்தா தலையைச் சாச்சுப் படி. நாலாம் கிளாஸோட நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், பள்ளிக்கூடமும் என்னை விட்டுச்சு, ரெண்டு பேருக்குமே அதில வருத்தம் கிடையாது. லாரி ஓட்டறவனுக்குக் கிலோமீட்டர் கல்லைப் படிக்கத் தெரிஞ்சாப் போதும்னு இருந்துட்டேன்.

முதல்ல அந்த நோட்டீஸ் கதை. அது உன் போனுக்கும் வந்துச்சு, மாப்பிள்ளை போனுக்கும் வந்துச்சு. உன் பொண்ணு, நம்ம வாண்டு, நம்மளை விட்டுட்டுப் போய்ச் சேந்து மூணு வாரம் கழிச்சு வந்துச்சு. நீ சாப்பாட்டு நேரத்தில தையல் மெஷினை நிறுத்திட்டுப் போனைப் பாத்திருக்க. இவர் பஸ்ஸை ஷெட்டுல விட்டுட்டு, ஸ்டியரிங்ல கை வச்சபடியே பாத்திருக்கார். வீட்டுக்கு வந்து என்கிட்ட நீட்டினார். எழுத்துக் கூட்டிப் படிச்சேன். பள்ளிக்கூட ஆபீஸ் தமிழ் உனக்குத் தெரியுமே, கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணின வேட்டி மாதிரி நிக்கும்:

"பெற்றோர் கவனத்திற்கு. வகுப்புக் குழுப் படம் எடுத்த அன்று வராத மாணவர்களைப் பின்னர் படத்தில் சேர்த்துத் தருமாறு சில பெற்றோர் கேட்டுள்ளனர். வருந்துகிறோம், அது இயலாது. புகைப்படக்காரர் எல்லா வகுப்புகளையும் ஒரே நாளில் எடுத்து முடிப்பதால், ஒருவருக்காக முழு வகுப்பையும் மீண்டும் நிறுத்த முடியாது. வேறு நாளில், வேறு வெளிச்சத்தில் எடுத்த முகத்தை ஒட்டினால் பொருந்தாது. இடம் உண்டாக்க மற்ற குழந்தைகளை நகர்த்த வேண்டிவரும்; அவர்களுடைய பெற்றோர் அனுமதி தந்தது எடுத்தபடியே உள்ள படத்துக்கு மட்டுமே. வராதவர்களின் பெயர்கள் படத்தின் கீழே தனி வரியில் அச்சிடப்படும். விடுபட்டவர்களுக்குத் தனிப் படம் மட்டும் வருகிற திங்கட்கிழமை எடுக்கப்படும். அன்று உங்கள் குழந்தையைத் தவறாமல் அனுப்பி வைக்கவும்."

அந்தக் கடைசி வரியில என் விரல் நின்னு போச்சு. மாப்பிள்ளை அதையே திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டு இருந்தார். "மாமா, தவறாம அனுப்பணுமாம்"னார்.

ஏன் நமக்கு அனுப்பினாங்கன்னு பின்னாடி ஆபீஸ் அம்மாவே சொன்னாங்க. நீ நினைக்கிற மாதிரி மனசில்லாதவங்க இல்ல அவங்க. வாண்டு பேரை பஸ் லிஸ்ட்ல எடுத்திருக்காங்க, பீஸ் லிஸ்ட்ல எடுத்திருக்காங்க. இந்த நோட்டீஸ் மட்டும் படம் எடுத்த நாள் வருகைப் பதிவுல யார் யார் வரலையோ அவங்க வீட்டுக்குத் தானாப் போற மாதிரி கம்ப்யூட்டர்ல செஞ்சு வச்சிருந்தாங்களாம். அன்னைக்கு நம்ம பிள்ளை ஆஸ்பத்திரியில இருந்தா. அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல், அவ்வளவுதான். காய்ச்சல் மூளைக்கு ஏறிடுச்சுன்னு டாக்டர் சொன்னது அதுக்கப்புறம். அதனால கம்ப்யூட்டரைப் பொறுத்தவரைக்கும் அவ லீவு. அதைச் சொல்லும்போது அந்த அம்மா தலை நிமிரல. மேஜை மேல இருந்த ஸ்டாப்ளரையே பாத்துப் பேசினாங்க.

நீ ராத்திரியோட ராத்திரியா அவங்களுக்குப் பதில் எழுதினியாமே. எனக்கு வாசிச்சுக் காட்டினாங்க. நான் ஊர்ல இல்லாதப்பதான் என் பொண்ணு இந்தப் பள்ளிக்கூடத்தில சேந்தா, அவ கிளாஸை நான் பாத்ததே கிடையாது, அவ கூட்டாளிங்க நடுவில நிக்கிற மாதிரி ஒரே ஒரு படம் எனக்கு வேணும், விதியெல்லாம் எனக்கு வேண்டாம்னு. வாசிச்சு முடிச்சுட்டு, "ஐயா, இந்த ஒரு தடவை விதியைப் பாக்கலை. ரெண்டு பக்கத்துப் பிள்ளைங்க வீட்லயும் நானே கேட்டு அனுமதி வாங்கிட்டேன். படக்காரர் ஒட்டிப் பாத்திருக்கார். வீட்டுப் பெரியவங்க ஒருத்தர் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டாப் போதும்"னாங்க. அதாவது அவங்க இறங்கித்தான் வந்தாங்க. இறங்காதவன் உங்கப்பன்.

மாப்பிள்ளைக்கு டூட்டி. அதனால நான் போனேன். ஆபீஸ் அறை சின்னது. தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, சுவர் ஓரமா பிள்ளைங்க விட்டுட்டுப் போன தண்ணி பாட்டில், தொப்பி, ஒத்தைச் செருப்பு. ஒத்தைச் செருப்போட வீட்டுக்குப் போன வீரன் யாருன்னு கேட்டேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துச்சு, ஆனா என்னைப் பாத்துச் சிரிக்கலாமா கூடாதான்னு தெரியல. பாவம். என்னைப் பாத்தா இப்ப யாருமே சிரிக்க மாட்டேங்கிறாங்க கண்ணு. நான் என்ன சொன்னாலும் கையைப் பிடிச்சுக்கிறாங்க.

படக்காரர் நல்ல தடி ஆளு. தொப்பை மேலயே லேப்டாப்பை வச்சுக்கலாம், மேஜை வேண்டாம். நான் வக்கீல் மாதிரி முதல்லயே மடக்கினேன். "ஏன் தம்பி, முன் வரிசையில ஒரு பய எப்பவும் கண்ணை மூடுவானே, அவனுக்குக் கண்ணைத் தொறந்து விடறீங்களாமே, அது மட்டும் ஒட்டு வேலை இல்லையா?"ன்னேன். அவர் கோவிச்சுக்கல. "ஐயா, ஒரு கிளாஸை ஏழெட்டுத் தடவை எடுப்பேன். கேமரா ஸ்டாண்டை விட்டு அசையாது, பிள்ளைங்களும் அசையாம நிப்பாங்க. ஒண்ணுல கண் மூடினவன் அடுத்ததுல தொறந்திருப்பான். அவன் கண்ணையே எடுத்து அவனுக்கு வைக்கிறேன். அதே இடம், அதே வெளிச்சம், அதே நிமிஷம். அவன் அங்க இருந்தான் ஐயா"ன்னார். வக்கீல் உக்காந்துட்டான்.

அப்புறம் அவர் பட்ட பாட்டைச் சொன்னார். நம்ம பிள்ளை படம் ஒண்ணு வேணும்னு மாப்பிள்ளைகிட்ட கேட்டிருக்கார். இவர் போன்ல இருந்த அம்புட்டையும் அனுப்பியிருக்கார். உன் பொண்ணு லட்சணம்தான் உனக்குத் தெரியுமே, நாக்கை நீட்டாத படம் ஒண்ணு இருக்கா? ஒண்ணுல நாக்கு, ஒண்ணுல ரெண்டு கண்ணும் மூக்கைப் பாக்குது, ஒண்ணுல தலைக்கு மேல என் வேட்டி. இதையெல்லாம் யார் சொல்லிக் குடுத்தான்னு கேக்காத. அதனால கடைசியில அடையாள அட்டைக்கு எடுத்த படம்தான் கெடைச்சுது. சேத்த அன்னைக்கு எடுத்தது. உள் அறையில, முகத்துக்கு நேரா பளிச்சுன்னு பிளாஷ் அடிச்சு எடுத்தது. பல் விழுந்தது தெரியக் கூடாதுன்னு உதட்டை இறுக்கி மூடி உக்காந்திருப்பாளே, அது.

வகுப்புப் படம் வெளியில, மர நிழல்ல எடுத்தது. வெளிச்சம் மேல இருந்து வருது. எல்லாப் பிள்ளைக்கும் தாடைக்குக் கீழ மெல்லிசா நிழல் இருக்கு, நம்ம பிள்ளைக்கு இல்ல. நிழலை வரைஞ்சு விட்டேன், முகத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினேன், ஆனாலும் தெரியும், பாத்தவுடனே தெரியும்னார். இன்னொரு சங்கதியும் இருக்கு. அடையாள அட்டைப் படத்துல நெஞ்சு வரைக்கும்தான் ஆளு. கை கிடையாது, கால் கிடையாது. தரையில உக்கார வைக்க முடியாது, நாற்காலியில வைக்க முடியாது. யாராவது ஒருத்தர் பின்னால நிறுத்தி, இல்லாததை மறைக்கணும். அதனால எங்க வச்சிருந்தார் தெரியுமா? கடைசி வரிசையில! பெஞ்சு மேல ஏறி நிக்கிற நெட்டைங்க நடுவில! கிளாஸ்லயே குட்டை நம்ம வாண்டு, கொக்கு மாதிரி இருக்கிற ஒரு பயலுக்குச் சமமா தோளோட தோள் நிக்கிறா!

சிரிச்சுட்டேன் கண்ணு. சத்தமாவே சிரிச்சுட்டேன். பழைய பள்ளிக்கூடத்துல படிக்கும்போது, வருஷா வருஷம் என்னை முன்னாடிதான் உக்கார வைக்கிறாங்க, பெஞ்சு மேல ஏத்த மாட்டேங்கிறாங்கன்னு என்கிட்ட எத்தனை பஞ்சாயத்து வச்சிருப்பா. இப்ப ஏத்திட்டாங்கடீன்னு சொல்லணும் போல இருந்துச்சு. திரும்பிப் பாத்தேன். யார்கிட்ட சொல்ல? ஒத்தைச் செருப்புதான் இருந்துச்சு.

அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போடத்தான் இருந்தேன். சத்தியமா. பேனாவை மூடி கழட்டியாச்சு. நிழல் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, உயரம் கூடினா என்ன, எம்பொண்ணு கேட்டுட்டா, முடிஞ்சுதுன்னு இருந்தேன். இன்னொரு தடவை பாத்துடுவோம்னு குனிஞ்சேன் பாரு, அதுதான் நான் செஞ்சது.

அந்த நெட்டைப் பயலுக்கு இந்தப் பக்கம் ஒரு பொண்ணு, ரெட்டைச் சடை. நிஜப் படத்துல பையனோட கை அவ தோள் மேல கிடக்கு. ஒட்டின படத்துல ரெண்டு பேரையும் பிரிச்சு நடுவில வாண்டை வச்சாச்சு. கை எங்க போச்சு தம்பின்னு கேட்டேன். "அழிச்சுட்டேன் ஐயா. சட்டைத் துணியை வச்சு மூடிட்டேன்"னார். நல்லாத்தான் மூடியிருந்தார், தையல் தெரியல. அந்தக் கை நம்ம பிள்ளை மேலயும் இல்ல, அந்தப் பிள்ளை மேலயும் இல்ல.

அப்புறம் முகங்களைப் பாத்தேன். எல்லாரும் சிரிக்கிறாங்க. படத்துக்குச் சிரி சிரின்னா ஈன்னு பல்லைக் காட்டுவாங்களே, அந்தச் சிரிப்பு இல்ல. நிஜச் சிரிப்பு. ஒரு பய வயித்தைப் பிடிச்சிருக்கான், டீச்சரே வாயைப் பொத்தியிருக்காங்க. என்ன தம்பி பண்ணின அந்நேரம்னு கேட்டேன். அவர் வெக்கப்பட்டு, "என் தொப்பையைக் காட்டி, இதுக்குள்ள இன்னொரு கேமரா இருக்கு, அதையும் பாத்துச் சிரிங்கன்னேன் ஐயா"ன்னார்.

அத்தனை பேரும் ஒரே ஜோக்குக்குச் சிரிக்கிறாங்க. பின் வரிசையில நம்ம பிள்ளை மட்டும் உதட்டை மூடிக்கிட்டு வேற எங்கயோ பாக்கிறா. அவளுக்கு மட்டும் யாரும் அந்த ஜோக்கைச் சொல்லல.

என்னால முடியல அம்மாடி. என்ன இருந்தாலும் அவ ஒரு ஜோக்குக்கு வெளியில நிக்கிற பிள்ளை இல்ல. ஆஸ்பத்திரியில கூட, ஊசி போட வந்த நர்ஸ்கிட்ட, முதல்ல தாத்தாவுக்குப் போடுங்க, அவர் அழறதைப் பாத்தா எனக்குத் தைரியம் வரும்னவ. அவளைக் கொண்டுபோய் அங்க நிறுத்தி, இருபது முப்பது வருஷம், அந்தப் பிள்ளைங்க வளந்து, கல்யாணம் காட்சி ஆகி, படத்தை எடுத்து எடுத்துப் பாக்கும்போதெல்லாம் இவ மட்டும் சிரிக்காம நிக்கணுமா? பேனாவை மூடி வச்சுட்டு எழுந்துட்டேன். அந்த அம்மா தண்ணி குடுத்தாங்க. குடிக்கத் தெரியாதவன் மாதிரி சட்டையெல்லாம் ஊத்திக்கிட்டேன்.

போறதுக்கு முன்னாடி அவங்க இன்னொண்ணு கேட்டாங்க. படத்துக்குக் கீழ வரிசை வரிசையா, இடமிருந்து வலமா எல்லாப் பேரையும் அடிப்பாங்க. அதுக்கும் கீழ "படத்தில் இல்லாதவர்கள்"னு ஒரு வரி. "ஐயா, பாப்பா பேரை அந்த வரியில விட மனசில்ல. தனியா, நினைவாகன்னு, சுத்திப் பூப் போட்டு அடிக்கட்டுமா?"ன்னாங்க. அந்த வரியில வேற யாருன்னு கேட்டேன். ஒருத்தன் அம்மை போட்டு வீட்ல இருந்தானாம். ஒருத்தி அத்தை வீட்டுக்குப் போயிட்டு பஸ்ஸை விட்டுட்டாளாம். பூவெல்லாம் வேண்டாம்மா, அவங்க ரெண்டு பேரோட சேத்து மூணாவதா போடுங்கன்னேன். அகர வரிசைப்படி பாப்பா முதல்ல வருவாங்க ஐயான்னாங்க. அப்படின்னா முதல்லயே போடுங்கன்னேன்.

இதுக்கும் நீ திட்டுவ. திட்டு. எனக்கு என்ன தோணுச்சுன்னா, வராதவங்கன்னு யாரைப் போடுவாங்க? அந்தக் கிளாஸ் பிள்ளையைத்தான் போடுவாங்க. தெருவில போறவனைப் போட மாட்டாங்க. அம்மை போட்டவன் வந்துட்டான். பஸ்ஸை விட்டவளும் அடுத்த நாள் வந்துட்டா. படத்தைப் பாக்கிற யாரோ ஒருத்தன், இந்த முதல் பேர்ப் பிள்ளைக்கு என்ன, காய்ச்சலா இருக்கும், திங்கட்கிழமை வந்திருக்கும்னு நினைச்சுட்டுப் போகட்டுமே. உலகத்துல ஒரு இடத்துலயாவது அவளுக்கு வெறும் காய்ச்சலா இருக்கட்டுமே.

நான் முடிவு பண்ணிட்டேன்னு நினைக்காத. நான் மாட்டேன்னு சொன்னது என் கையெழுத்துக்கு மட்டும்தான். அவ உனக்குத்தான் பொண்ணு, நீ கேட்டது சரிதான். உன் பதில் வர்ற வரைக்கும் அந்தக் கிளாஸ் படத்தை அச்சுக்கு அனுப்பாம வச்சிருக்காங்க. அதனாலதான் மாதிரிக்கு ரெண்டு படம் வாங்கி வந்தேன். ஒண்ணு எடுத்தபடி, ஒண்ணு ஒட்டினது. ரெண்டையும் பாரு. ஒட்டினதுதான் வேணும்னா மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. மறுநாளே நான் போய்க் கையெழுத்துப் போடறேன். கோணலாப் போட மாட்டேன், முழுப் பேரையும் எழுதிக் கீழ ஒரு கோடும் இழுத்து விடறேன்.

எழுத எழுத மாப்பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டிக்கிட்டே வரேன். எதிர்ல நின்னு டூட்டிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தார். நெட்டைப் பயல் கிட்ட வரும்போது சிரிச்சார். இத்தனை நாளுக்கு அப்புறம் இப்பதான் சிரிச்சார், நீ பாக்கல. ஜோக்கு கிட்ட வரும்போது இஸ்திரிப் பெட்டி சட்டை மேலயே நின்னுடுச்சு. கருகுது மாப்பிள்ளைன்னு நான்தான் எடுத்து வச்சேன். அந்தச் சட்டை போச்சு.

இப்ப ரெண்டு படத்தையும் கவர்ல போடுங்கன்னு குடுத்தேன். எடுத்தபடி இருக்கிறதைப் போட்டார். இன்னொண்ணைக் கையில வச்சுக்கிட்டே நின்னார். "அது ஒட்டினது மாப்பிள்ளை"ன்னேன். "தெரியும் மாமா"ன்னார். "அந்தக் கை கூட இல்ல பாருங்க"ன்னேன். "தெரியும் மாமா, இவ இருக்கால்ல"ன்னார். இருங்க, இன்னும் வாசிச்சு முடிக்கல, கடைசியில உங்களைப் பத்திதான் எழுதப் போறேன்னு சொல்லச் சொல்ல, செருப்பை மாட்டிக்கிட்டுத் தெருவில இறங்கிட்டார். கையில படத்தோட. ஜன்னல் வழியாப் பாத்தேன், விளக்குக் கம்பத்துக்குக் கீழ நின்னு பாத்துக்கிட்டு இருக்கார். நான் கூப்பிடல. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கூப்பிடுவேன்?

அதனால உனக்கு ஒரு படம்தான் வருது. இன்னொண்ணு அவர்கிட்ட இருக்கு. அவர்கிட்ட கேளு. வாண்டு எந்த வரிசையில நிக்கிறான்னு கேளு, யாருக்குப் பக்கத்துல நிக்கிறான்னு கேளு, ஒண்ணு விடாமச் சொல்லச் சொல்லு. அப்புறம் ரெண்டு பேரும் பேசி என்ன சொல்றீங்களோ அது. என்கிட்ட நீ பேச வேண்டாம், என்னை எத்தனை நாள் வேணும்னாலும் திட்டிக்கோ, எனக்குத் தோல் தடிமன். ஆனா அவர் போனை எடு கண்ணு. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஊர்ல தனித்தனியா அழறீங்க. அழறதை ஒண்ணா அழுங்க.

வேளைக்குச் சாப்பிடு. மெஷின்ல உக்காரும்போது கண்ணைத் தொடைச்சுட்டு உக்காரு, விரல் பத்திரம். நீ நல்லா இருக்கணும்னுதான் கை எழுதுது.

இப்படிக்கு,
மாட்டேன்னு சொல்லிட்டு வந்த
உன் அப்பா